ஸ்டீராய்டு சீட்டில் ஐவர்மெக்டின் எதற்கு? ஸ்ட்ராங்கிலாய்டஸ் மிகைத்தொற்று: ஒரு விளக்கம்

கொரோனா காலத்தில் ஐவர்மெக்டினின் பெயர் கெட்டுப்போனது. கோவிட்டை அது குணமாக்கவில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனாலும் தோல், மூட்டு, சிறுநீரக மருத்துவர்கள் சிலர் நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதும் அதே சீட்டில் ஐவர்மெக்டினையும் எழுதுகிறார்கள். "அதுதான் வேலைக்காகாத மருந்து என்றார்களே, இப்போது எதற்கு?" என்று வாங்குபவர் குழம்புகிறார்.

இங்கே அது கோவிட்டுக்காகத் தரப்படுவதில்லை, பூச்சி மருந்தாகத் தரப்படுகிறது. குறி, ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஸ்டெர்கோராலிஸ் என்ற குடற்புழு. பல பத்தாண்டுகள் ஒருவர் குடலில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஸ்டீராய்டு உள்ளே போன சில வாரங்களில் ஆளைக் கொல்லக்கூடிய புழு இது. அந்த நிலைக்கு மிகைத்தொற்று என்று பெயர்.

மற்ற குடற்புழுக்களிலிருந்து இது எங்கே விலகுகிறது

நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, சாட்டைப்புழு எல்லாவற்றுக்கும் ஒரு பொது விதி உண்டு. அவற்றின் முட்டையோ குஞ்சோ உடலைவிட்டு வெளியேறி, மண்ணில் சிறிது காலம் கழித்துத்தான் அடுத்த தொற்றை உண்டாக்க முடியும். அதனால் வெளியிலிருந்து புதிதாக எதுவும் வராவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை கூடாது. புழுக்கள் வயதாகிச் செத்துவிடும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை.

1. மலம் கலந்த ஈரமண்ணில் இருக்கும் தொற்றும் லார்வா, அதாவது புழுக்குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. நீளம் அரை மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது.

2. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது.

3. சிறுகுடலின் உட்சுவரில் பெண்புழு குடியேறுகிறது. சுமார் 2 மி.மீ. நீளம். ஆண்புழு தேவையில்லை, தனியாகவே முட்டையிடும். முட்டை குடல்சுவரிலேயே பொரிந்துவிடுவதால் மலத்தில் வெளிவருவது முட்டையல்ல, லார்வா.

4. இந்த லார்வாக்களில் ஒரு பகுதி வெளியேறுவதற்கு முன்பே, குடலுக்குள்ளேயே தோலுரித்துத் தொற்றும் லார்வாவாக மாறிவிடுகிறது. பெருங்குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்து, மறுபடி ரத்தத்தில் ஏறி, இரண்டாம் கட்டத்திலிருந்து சுற்றைத் தொடங்குகிறது.

நான்காவது கட்டத்துக்குப் பெயர் தன்தொற்று. மீதிக் கதை முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. வெளியிலிருந்து ஒரு லார்வாகூட வராவிட்டாலும் தொற்று ஆயுளுக்கும் நீடிக்கும்.

எவ்வளவு காலம் என்பதற்கு நல்ல சான்று சயாம் மரண ரயில்பாதையிலிருந்து கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தப் பாதையில் வேலைவாங்கிய பிரிட்டிஷ் போர்க்கைதிகளை, ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் ஆனபின் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பரிசோதித்தார்கள். இரண்டாயிரம் பேர் அளவில் நடந்த அந்த ஆய்வில் 12 விழுக்காட்டினருக்கு இந்தப் புழு இருந்தது. இங்கிலாந்தின் குளிரில் புதிதாகத் தொற்ற வழியே இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் வேலை பார்த்ததும் அதே சேற்றில்தான்.

நாள்பட்ட தொற்று பெரும்பாலும் தொந்தரவே தராது. தந்தாலும் மேல்வயிற்று எரிச்சல், அவ்வப்போது பேதி, அரிப்பு என்ற அளவில்தான். ஒரே ஓர் அடையாளம் மட்டும் இந்தப் புழுவுக்கே உரியது. பிட்டம், தொடை, இடுப்புப் பகுதியில் சிவந்த கோடு ஒன்று தடித்து எழும்பி, மணிக்கு 5 முதல் 15 செ.மீ. வரை நகரும், சில மணி நேரத்தில் மறைந்துவிடும். காலையில் இருந்த தடிப்பு மாலையில் மருத்துவரிடம் காட்டும்போது இருக்காது. அதனாலேயே பலருக்கு அது "ஏதோ அலர்ஜி" என்று போய்விடுகிறது.

ஸ்டீராய்டு வந்ததும் என்ன மாறுகிறது

தன்தொற்று எப்போதும் நடந்துகொண்டிருந்தாலும், நல்ல நிலையில் உள்ள உடல் அதை ஓர் எல்லைக்குள் வைத்திருக்கிறது. குடல்சுவரைத் துளைக்கும் லார்வாக்களைத் தடுப்பதில் ஈசினோபில் என்ற வெள்ளையணுவும், அதை இயக்கும் டி-உதவி செல்களில் இரண்டாம் வகையும் முன்னிற்கின்றன. ஸ்டீராய்டு இந்த இரண்டையும் அடக்குகிறது. ஈசினோபில்கள் தாமாகவே மடிகின்றன. புதியவை வருவதும் குறைகிறது. இதோடு, ஸ்டீராய்டு மூலக்கூறுகள் லார்வாவின் தோலுரிப்பையே நேரடியாகத் தூண்டக்கூடும் என்ற கருத்தும் உண்டு. அது இன்னும் கருதுகோள்தான்.

விளைவு கணக்குப் போட்டதுபோல் வருகிறது. தொற்றும் லார்வாவாக மாறுபவை கூடுகின்றன. தடுக்க ஆளில்லாததால் அவற்றில் பெரும்பாலானவை குடலுக்குத் திரும்பி முட்டையிடும் புழுக்களாகின்றன. ஒரு சுற்று முடிய இரண்டு மூன்று வாரம். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை பெருகுகிறது. லார்வாக்கள் குடல், நுரையீரல் என்ற வழக்கமான பாதையிலேயே பெருகினால் மிகைத்தொற்று. மூளை, கல்லீரல், சிறுநீரகம் என்று வழிமாறிப் போனால் பரவிய தொற்று.

எவ்வளவு ஸ்டீராய்டு ஆபத்து? நாளுக்கு ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 20 மி.கி. அல்லது அதற்கு மேல், இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதற்குக் கீழே பாதுகாப்பு என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கும் குறைவான ஸ்டீராய்டுக்குப் பிறகே மிகைத்தொற்று வந்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். வெள்ளையணுக்களைத் தாக்கும் எச்.டி.எல்.வி-1 வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டே இல்லாமலும் வரலாம்.

கோவிட் குழப்பம் அவிழ்வதும் இங்கேதான். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தினம் 6 மி.கி. உயிர்காக்கும் என்று காட்டியது. அது ப்ரெட்னிசலோன் 40 மி.கி.க்கு இணை, பத்து நாள் வரை. உலகெங்கும் லட்சக்கணக்கானோருக்கு அது தரப்பட்டது. அவர்களில் புழு இருந்தவர்களும் இருந்தார்கள். 2022-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஐவர்மெக்டின் கோவிட் இறப்பைக் குறைத்ததாகத் தோன்றிய ஆய்வுகள் இந்தப் புழு அதிகமுள்ள நாடுகளில் நடந்தவையே என்றும், புழு குறைந்த நாடுகளில் அந்தப் பலன் தென்படவில்லை என்றும் காட்டியது. மருந்து கோவிட்டை ஒன்றும் செய்யவில்லை, ஸ்டீராய்டு கிளப்பிவிடவிருந்த புழுவைக் கொன்றிருக்கலாம் என்பது அதன் விளக்கம். முழுமையாக நிரூபிக்கப்பட்டதல்ல என்றாலும், எனக்கு இதுதான் பொருந்தும் விளக்கமாகப் படுகிறது.

மிகைத்தொற்று ஏன் மாறுவேடம் போடுகிறது

புழு நேரடியாகக் கொல்வது குறைவு. குடலுக்குள் வாழும் பாக்டீரியாவைத் தன் உடல்மேலும் உடலுக்குள்ளும் சுமந்துகொண்டு லார்வா ரத்தத்துக்குள் நுழைகிறது. துளைத்த இடம் வழியாகவும் பாக்டீரியா கசிகிறது. ஆகவே நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது கண்ணுக்குத் தெரிவது ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் பாக்டீரியா உண்டாக்கிய ரத்தநச்சு, நிமோனியா அல்லது மூளைக்காய்ச்சல். நல்ல ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஓரிரு நாள் தேறுவார், பிறகு மறுபடி அதே வகைப் பாக்டீரியா ரத்தத்தில் வளரும். காரணமான லார்வாக்கள் துளைப்பதை நிறுத்தவில்லையே.

மாதிரிக்கு ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஒரே ஆளின் கதையல்ல. மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வரும் வரிசை இது.

காவிரிப் படுகையில் நாற்று நடும் 52 வயதுப் பெண், எடை 55 கிலோ. வாயிலும் உடலிலும் கொப்புளம் வரும் பெம்ஃபிகஸ் நோய்க்கு ப்ரெட்னிசலோன் தினம் 50 மி.கி. தொடங்குகிறார்கள். அன்றைய ரத்த அறிக்கையில் ஈசினோபில் மைக்ரோலிட்டருக்கு 900. அதாவது 500 என்ற உச்ச அளவுக்கு மேல். பெம்ஃபிகஸிலேயே கூடும் என்பதால் யாரும் நின்று பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் மேல்வயிற்று வலி, குமட்டல். "ஸ்டீராய்டு வயிற்றைப் புண்ணாக்குகிறது" என்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் சேர்க்கிறார்கள். ஐந்தாம் வாரம் வறட்டு இருமல், இளைப்பு. இதற்கு முன் ஒருநாளும் இளைப்பு வந்ததில்லை. நெபுலைசரோடு ஊசியில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் போடுகிறார்கள். புழுவுக்கு வேண்டிய மருந்தையே இன்னும் கொஞ்சம் கொடுத்தாயிற்று. ஆறாம் வாரம் வாந்தி நிற்கவில்லை, வயிறு உப்பிக் குடல் அசைவு நின்றுவிட்டது, ரத்தத்தில் சோடியம் 122-க்குச் சரிவு, காய்ச்சல், ரத்த வளர்ப்பில் ஈ.கோலை. தொப்புளைச் சுற்றிக் கட்டைவிரல் ரேகை அழுந்தியதுபோல் ஊதாத் தடங்கள். ஈசினோபில் சுழி. காசநோய்க்காக அனுப்பிய சளியைச் சாயமேற்றும் முன் கண்ணாடித் தகட்டில் ஈரமாக வைத்துப் பார்த்த ஆய்வக ஊழியர், புள்ளிகளுக்கு நடுவே நெளிந்து ஓடும் லார்வாவைக் காண்கிறார்.

இந்தக் கதையில் தவறான வைத்தியம் என்று எதையும் தனியாகச் சுட்ட முடியாது. ஸ்டீராய்டுக்கு வயிற்றுப்புண் வரும்தான், இளைப்புக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் போடுவதும் முறைதான். ஒவ்வொரு அறிகுறிக்கும் கையருகே ஒரு சாதாரணக் காரணம் இருந்தது. ஈசினோபில் சுழியானதுதான் கடைசி ஏமாற்று. புழு என்றால் ஈசினோபில் ஏற வேண்டும் என்று படித்த மருத்துவர், சுழியைப் பார்த்ததும் புழுவை மறந்துவிடுகிறார். மிகைத்தொற்றில் அது பெரும்பாலும் குறைந்தேதான் இருக்கும். மருந்து கிடைத்தவர்களிலும் பாதிக்கு மேல் இறந்ததாகவே பல தொகுப்புகள் சொல்கின்றன. கண்டுபிடிக்காமல் விட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆகவே கண்டுபிடிக்க வேண்டிய நாள் ஆறாம் வாரத்தில் இல்லை, ஸ்டீராய்டு தொடங்கிய அன்று.

முன்பரிசோதனை: எந்தச் சோதனையை எவ்வளவு நம்புவது

*சாதாரண மலப் பரிசோதனை.* ஒரு முறை பார்த்து "புழு இல்லை" என்று வரும் அறிக்கைக்கு இந்த விஷயத்தில் மதிப்பு மிகக் குறைவு. நாள்பட்ட தொற்றில் லார்வா கொஞ்சமாகவும் விட்டுவிட்டும்தான் வெளிவரும். ஒரு மாதிரி, தொற்றுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தவறவிடும்.

*அகர் தட்டு வளர்ப்பு.* சில கிராம் மலத்தை, கிருமி வளர்க்கும் கூழ் நிரப்பிய அகர் தட்டின் நடுவில் வைத்து இரண்டு மூன்று நாள் விடுவார்கள். லார்வா ஊர்ந்த வழியெல்லாம் பாக்டீரியா முளைத்து, வளைந்து வளைந்து போகும் கோலம் தட்டில் தெரியும். ஒரு மாதிரியைவிட மூன்று நாள் மாதிரிகள் நல்லது. மலம் புதிதாக இருக்க வேண்டும், குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் லார்வா செத்தால் கோலமும் இராது. மாதிரியை இரவெல்லாம் வெளியில் விட்டுவைத்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து, இரண்டையும் குழப்ப நேரும்.

*ரத்தத்தில் எதிர்ப்பொருள், எலைசா.* முன்பரிசோதனைக்கு மிகவும் உகந்தது இதுதான். பெரும்பாலான தொற்றுகளைப் பிடித்துவிடும். யானைக்கால் புழு போன்ற பிற புழுக்களிருந்தாலும் சில வேளை நேர்மறை வரும். இந்த மருந்தின் விலைக்கும் பாதுகாப்புக்கும் அந்தத் தவறு பெரிய நட்டமில்லை. எதிர்ப்பக்கத் தவறுதான் கவலை: நோய் எதிர்ப்பு ஏற்கெனவே அடங்கியவரிடம் எதிர்ப்பொருளும் குறைவாக இருந்து, எலைசா பொய்யாக எதிர்மறை காட்டலாம். ரத்தம் எடுப்பது ஸ்டீராய்டுக்கு முன் என்பது இதனால்தான்.

*ஈசினோபில் எண்ணிக்கை.* கூடியிருந்தால் துப்பு. சரியாக இருந்தால் எதையும் சொல்லவில்லை என்று பொருள்.

இவற்றோடு ஒரு தவறான நம்பிக்கையையும் சேர்க்க வேண்டும். "போன மாதம்தான் பூச்சி மாத்திரை போட்டேன்" என்று சொல்பவர் விழுங்கியது பெரும்பாலும் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை. தேசியக் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குத் தருவதும் அதுவே. நாக்குப்பூச்சிக்கு அது போதும், ஸ்ட்ராங்கிலாய்டஸுக்குப் போதாது. ஐவர்மெக்டின் சாப்பிட்டாரா என்று பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

யாருக்கு, எப்போது, எவ்வளவு

கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாழ்நாளில் எப்போதாவது, வெப்பமான ஈரமான ஊரில், வெறுங்காலோடு மண்ணில் புழங்கினாரா? இப்போது எங்கே இருக்கிறார் என்பதல்ல கேள்வி. 30 ஆண்டாகச் சென்னை அடுக்ககத்திலோ டொராண்டோவிலோ இருக்கும் ஒருவர், சிறுவயதில் வயலுக்கும் வாய்க்காலுக்கும் போயிருந்தால் பட்டியலில் உண்டு. நோயாளிக்கு ஸ்டீராய்டு என்று தெரியாமலே அது உள்ளே போயிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. உடம்புவலிக்கென்று மருந்துக் கடையில் பெயரில்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் "செட்" மாத்திரையிலும், சில மூட்டுவலிப் பொடிகளிலும் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பது உண்டு.

அதன்பின் வழி இரண்டாகப் பிரிகிறது.

1. காத்திருக்க முடியுமென்றால், உதாரணமாகச் சிறுநீரக மாற்றுக்குத் தயாராகிறவர் என்றால், எலைசாவும் முடிந்தால் அகர் வளர்ப்பும் செய்து, நேர்மறையானால் மருந்து கொடுத்துவிட்டுத் தொடங்கலாம். உறுப்பைக் கொடுப்பவரையும் சோதிக்க வேண்டும். தானமாக வந்த உறுப்போடு புழு வந்து, பெற்றவரைக் கொன்ற நிகழ்வுகள் உண்டு.

2. காத்திருக்க முடியாதென்றால், அல்லது நல்ல சோதனை கிடைக்காத ஊரென்றால், சோதிக்காமலே ஐவர்மெக்டின் கொடுத்துவிடலாம். ஸ்டீராய்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கலாம்.

தமிழ்நாட்டுக் கிராமப்புறத்துக்கு இரண்டாவது வழிதான் நடைமுறைக்கு ஒத்தது என்பது என் கருத்து. எலைசா பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். அறிக்கை வர நாளாகும், மாத்திரையைவிட விலையும் அதிகம்.

அளவு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். நம் மாதிரி நோயாளிக்கு 55 × 200 = 11,000 மைக்ரோகிராம், அதாவது 11 மி.கி. நடைமுறையில் 12 மி.கி. மாத்திரை ஒன்று. நோய் எதிர்ப்பு சரியாக உள்ளவருக்கு ஒரு வேளையே போதும் என்று 2019-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. நான்கு வேளை கொடுத்ததில் கூடுதல் பலன் இல்லை. ஸ்டீராய்டு தொடங்குபவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது. அவருக்கு அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து மறுபடி அதேபோல் என்பது பலர் பின்பற்றும் முறை. ஐவர்மெக்டின் குடலில் உள்ள வளர்ந்த புழுவை நன்றாகக் கொல்லும். திசுக்களுக்குள் பயணத்தில் இருக்கும் லார்வாவிடம் அவ்வளவு பலிக்காது. முதல் தவணைக்குத் தப்பியவை குடலுக்கு வந்துசேரும் நேரம் பார்த்து இரண்டாவது தவணை போகிறது.

தயங்க வேண்டிய இடங்கள்: கர்ப்பிணிகள், 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகள், நடு ஆப்பிரிக்காவில் தங்கி வந்தவர்கள். அங்கே லோவா லோவா என்ற கண்புழு உண்டு. அது ரத்தத்தில் மிகுதியாக இருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கலாம்.

வந்துவிட்ட பிறகு

மிகைத்தொற்றில் ஒரு வேளை, இரண்டு வேளைக் கணக்கு செல்லாது. தினமும் அதே 200 மைக்ரோகிராம், மலத்திலும் சளியிலும் லார்வா காணாமல் தொடர்ந்து இரண்டு வாரம் ஆகும்வரை. சிலர் அல்பெண்டசோலையும் சேர்க்கிறார்கள். கூடவே குடல் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டை முடிந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டவருக்குத் திடீரென்று அடியோடு நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைகொடுக்காமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உடலுக்கு அன்றாடம் தேவையான அளவாவது போக வேண்டும்.

பெரிய சிக்கல், குடல் அசைவு நின்றவருக்கு மாத்திரை உறிஞ்சப்படுவதில்லை என்பது. மனிதருக்கென்று அனுமதி பெற்ற ஐவர்மெக்டின் ஊசி கிடையாது. ஆசனவாய் வழியாகவும், கால்நடைகளுக்கான ஊசியைச் சிறப்பு ஒப்புதலோடு தோலடியிலும் கொடுத்துச் சிலரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்த நோயாளியின் மலத்திலும் சளியிலும் தொற்றும் லார்வாவே இருப்பதால், கவனிப்பவர்கள் கையுறை போட்டே தொட வேண்டும்.

தேறியவருக்கும் முன்கூட்டியே மருந்து எடுத்தவருக்கும் கண்காணிப்பு உண்டு. எலைசாவில் எதிர்ப்பொருள் அளவு 6 முதல் 12 மாதத்தில் தெளிவாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மறுபடி மருந்து. அறிகுறி திரும்பினால் அந்த அளவுக்குக் காத்திருக்காமல் மலத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்குப் புதிய லார்வா நுழையும் என்பதால், ஒரு முறை எடுத்த ஐவர்மெக்டின் அடுத்த ஆண்டுக்குக் கணக்கில் வராது.